ஒரு பக்கத்தில் உங்கள் கோச்சிங் கொள்கை: புதிய பயிற்சியாளர்கள் எழுதுவதும் பயன்படுத்துவதும் எப்படி?

14 வயதுக்குட்பட்ட பெண்கள் வாலிபால் அணிக்குப் பயிற்சியாளராகச் சேரப் போனபோது, சான்றிதழ் நகல்களோடு இன்னொரு தாளும் கேட்டார்கள். "உங்க கோச்சிங் ஃபிலாசஃபியை ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க." எனக்கு அப்படி எழுதிப் பழக்கம் இல்லை. இணையத்தில் கிடைத்த நாலைந்து மாதிரிகளைப் பார்த்து ஒழுக்கம், அர்ப்பணிப்பு, விடாமுயற்சி, அனைவருக்கும் சம வாய்ப்பு என்று அழகாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வேலை கிடைத்தது.

மூன்றாவது மாதம் முதல் போட்டிக்குப் போனோம். இரண்டு ஆட்டமும் முடிந்து கிளம்பும்போது ஒரு அம்மா வந்து கேட்டார். "என் பொண்ணு ஒரு நாள்கூட பயிற்சிக்கு லீவு போடல சார். ரெண்டு மேட்ச்லயும் பந்தைத் தொடவே இல்லையே, ஏன்?" நான் எழுதிக் கொடுத்த பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அன்று இரவு அந்தத் தாளை எடுத்துப் படித்தபோது, அதில் ஒரு வரிகூட அன்றைக்கு நான் எடுத்த எந்த முடிவிலும் உதவவில்லை என்பது தெரிந்தது. "அனைவருக்கும் சம வாய்ப்பு" என்று எழுதியிருந்தேன். ஆனால் 12 பேரில் ஏழு பேரைத்தான் இறக்கியிருந்தேன்.

அதன் பிறகு முதலிலிருந்து எழுதினேன். மூன்று வாரம் ஆனது. அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன். என் உதாரணங்கள் வாலிபாலிலிருந்து வரும். கபடியோ கால்பந்தோ சொல்லிக்கொடுப்பவர்கள் தங்கள் ஆட்டத்தின் விதிகளை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

தொடங்கும் முன்: நேரமும் செலவும்

ஒரு 80 பக்க நோட்டு, பிரின்ட், ஜெராக்ஸ், பெற்றோர் கூட்டத்துக்கு டீ, பிஸ்கட். எனக்கு எல்லாம் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடிந்தது. காலம்தான் முக்கியம். கேள்விகளைச் சேர்க்க ஒரு வாரம், எழுத ஒரு வாரம், சோதித்துத் திருத்த ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் என்றால் ஜூனில் பள்ளி திறந்ததும் ஆரம்பித்து, குறுவட்டப் போட்டிகள் தொடங்கும் முன் முடித்துவிடுங்கள். போட்டி ஆரம்பித்த பிறகு எழுதும் விதி எதுவும் ஏதோ ஒரு பிள்ளையை மனதில் வைத்து எழுதியதாகவே பெற்றோருக்குத் தெரியும். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.

கடைசியில் உங்கள் கையில் மூன்று தாள்கள் இருக்க வேண்டும். உங்களுக்கும் நிர்வாகத்துக்கும் ஒரு முழுப் பக்கம், பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அரைப் பக்கம், அப்புறம் மாதாந்திர வருகைத் தாள். முடிவுகளை எழுதிவைக்கத்தான் அந்த நோட்டு.

1. முதல் வாரம் கொள்கையை எழுதாதீர்கள், கேள்விகளை எழுதுங்கள்

வெற்றுத் தாளை எடுத்து "என் கொள்கை என்ன?" என்று யோசித்தால் எல்லோருக்கும் வருவது அந்த ஒழுக்கம், அர்ப்பணிப்பு வரிகள்தான். அதற்குப் பதிலாக மைதானத்தில் உங்களைத் திணறடித்த அல்லது திணறடிக்கப் போகிற சூழ்நிலைகளை நோட்டில் எழுதுங்கள். பத்து போதும். உங்களிடம் இல்லையென்றால் ஐந்து வருடம் அனுபவம் உள்ள ஒரு பயிற்சியாளரிடம் "போன சீசன்ல ராத்திரி தூங்கவிடாம பண்ணின விஷயம் எது?" என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் நோட்டு நிரம்பிவிடும்.

என் பட்டியலில் இருந்தவை சில. நன்றாக ஆடும் பெண் பயிற்சிக்கே வருவதில்லை, அவளை இறக்குவதா? கணுக்கால் லேசாகப் பிசகியிருக்கிறது, "பரவால்ல சார், ஆடுறேன்" என்கிறாள், விடுவதா? உயரமான பெண்ணை வலை அருகிலேயே நிறுத்தினால் ஜெயிக்கலாம், ஆனால் அவள் பாஸ் எடுக்கவே கற்றுக்கொள்ள மாட்டாள், என்ன செய்வது? போட்டிக்குப் போகப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையை என்ன செய்வது? பள்ளி அணியின் ஆட்டமும் எங்கள் ஆட்டமும் ஒரே நாளில் வந்தால் எங்கே போவாள்?

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. சில கேள்விகள் உங்கள் முடிவுக்கு உரியவையே அல்ல. வயதைக் குறைத்துக் காட்டி ஒரு பிள்ளையை இறக்கச் சொன்னால், அதில் கொள்கை பேச ஒன்றுமில்லை. அது மோசடி, பிடிபட்டால் அணியே வெளியே போகும். பிள்ளையிடம் யாரோ தவறாக நடந்ததாகத் தெரியவந்தால் புகார் செய்ய வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் இருக்கும் கட்டாயம். மூடிய அறையில் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, தகவல்கள் பெற்றோரும் உள்ள குழுவில்தான் போக வேண்டும் போன்றவற்றையும் நான் இந்த வகையில்தான் வைக்கிறேன். இவற்றை அந்த மூன்று தாள்களில் சேர்க்காமல் தனியாக இன்னொரு தாளில் "மாறாத விதிகள்" என்று எழுதி வைத்துவிடுங்கள். கொள்கைக்குள் கலந்தால், மற்றவற்றைப் போல இவற்றையும் பேசி வளைக்கலாம் என்ற எண்ணம் வந்துவிடும்.

2. உங்கள் அணியைப் பற்றிய உண்மைகளை ஐந்து வரியில் எழுதுங்கள்

இதை நிறைய பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் ஐந்து வரிகள் இவை: 12 பெண்கள், வயது 11 முதல் 13. வாரம் நான்கு நாள், மாலை 5 முதல் 6:30 வரை. ஒரு மண் தரை மைதானம், ஒரு வலை, ஒன்பது பந்து. நான்கு பேர் டவுன் பஸ்ஸில் வருகிறார்கள். வருடத்துக்கு நான்கைந்து போட்டிகள், பெரும்பாலும் மூன்று செட் ஆட்டங்கள்.

கொள்கை இந்த வரிகளுக்குப் பொருந்த வேண்டும். அமெரிக்காவில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன் வீரர்கள் தாடி வைக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தார். பில் வால்டன் என்ற பெரிய ஆட்டக்காரர் தாடியோடு வந்தபோது அவருக்காகவும் விதியைத் தளர்த்தவில்லை. வால்டன் போய் மழித்துக்கொண்டு வந்தார். இதைப் படித்துவிட்டு, "தாமதமாக வந்தால் அன்று பயிற்சி இல்லை" என்று நானும் ஒரு கடும் விதி எழுதினேன். முதல் வாரமே இரண்டு பேர் வெளியே நின்றார்கள். இருவரும் ஒரே பஸ். அது 5:10க்குத்தான் வரும், முந்தைய பஸ் பள்ளி விடும் முன்பே போய்விடும். நான் தண்டித்தது பஸ் நேரத்தை. விதி எழுதியதும் அது யார்மேல் முதலில் விழும் என்று பெயர் பெயராக யோசித்துப் பாருங்கள். விழுவது எப்போதும் தூரத்திலிருந்து வருபவள், வீட்டு வேலை அதிகம் உள்ளவள் என்றால் விதியைத் திருத்துங்கள். எங்களுக்கு இப்போது 5 முதல் 5:15 வரை வார்ம்-அப், 5:15க்குப் பந்து வெளியே வரும்.

3. ஒவ்வொரு பதிலிலும் எதை இழக்கத் தயார் என்று எழுதுங்கள்

இந்த வேலையின் மையம் இதுதான். இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

"வெற்றியைவிடக் கற்றல் முக்கியம்" என்று எழுதுவது எளிது. அதற்கு என்ன விலை கொடுப்பீர்கள் என்று எழுதாத வரை அது எதையும் முடிவு செய்யாது. எங்கள் வயது ஆட்டத்தில் இதற்குத் தெளிவான உதாரணம் சர்வீஸ். 12 வயதுப் பெண்ணுக்குக் கீழ்க்கை சர்வீஸ் பத்துக்கு ஒன்பது உள்ளே விழும். மேல்கை சர்வீஸ் பழக ஆரம்பிக்கும்போது ஐந்தோ ஆறோதான் விழும். ஆனால் மேலே போகப் போக மேல்கை இல்லாமல் ஆட முடியாது. ஆட்டத்தில் போட்டுப் பார்க்காதவளுக்கு அது வரவும் வராது. ஜெயிக்க வேண்டும் என்றால் கீழ்க்கையே போடச் சொல்ல வேண்டும். நான் எழுதிய வரி இது: "பயிற்சியில் பத்துக்கு ஆறு மேல்கை சர்வீஸ் உள்ளே போடுபவர், ஆட்டத்திலும் மேல்கைதான் போடுவார். சர்வீஸ் தவறியதற்காக யாரையும் மாற்ற மாட்டேன். இதனால் சில செட்டுகளைத் தோற்போம்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அது இருப்பதால் 23க்கு 23 என்று நிற்கும்போது ஒரு பெண் திரும்பி என்னைப் பார்த்தால் நான் என்ன சைகை காட்டுவேன் என்பது அவளுக்கு முன்பே தெரியும். அது இல்லாமல் இருந்தால் அந்த நொடியில் நான் "கீழ போடு" என்று கத்தியிருப்பேன், கத்தியும் இருக்கிறேன். அன்று அவள் போட்ட கீழ்க்கை சர்வீஸ் உள்ளேதான் விழுந்தது. ஆனால் அடுத்த ஒரு மாதம் பயிற்சியில்கூட அவள் மேல்கை முயலவில்லை.

அடுத்த பெரிய வரி ஆடும் நேரம். "எல்லோருக்கும் சமமான நேரம்" என்று எழுதும் புதிய வாலிபால் பயிற்சியாளர் விதிப் புத்தகத்தில் முட்டிக்கொள்வார். ஒரு செட்டில் ஆறு மாற்றங்கள்தான். தொடக்கத்தில் இறங்கிய ஒருவர் ஒருமுறை வெளியே போகலாம், ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பலாம். மாற்றாக வந்தவர் அந்தச் செட்டில் ஒருமுறைதான் உள்ளே வர முடியும், அவருக்குப் பதில் அதே பழைய ஆள்தான் திரும்ப முடியும். கூடைப்பந்து மாதிரி நினைத்தபோது ஆளை மாற்ற முடியாது. ஸ்கோர் பார்த்து "கொஞ்ச நேரம் கழிச்சு இறக்குறேன்" என்று தள்ளிப்போட்டால் செட்டே முடிந்துவிடும். அந்த அம்மாவின் பெண்ணுக்கு அதுதான் நடந்தது.

அதனால் நேரத்தை நிமிடத்தில் எண்ணாமல் செட்டில் எண்ணுங்கள். 12 பேர் என்றால் முதல் செட்டில் ஆறு பேர், இரண்டாவது செட்டில் மற்ற ஆறு பேர். மூன்றாவது செட்டுக்குப் போனால் இரண்டு கூட்டத்திலிருந்தும் பொறுக்கி எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: நல்ல ஆறு, சுமாரான ஆறு என்று பிரிக்காதீர்கள். பிள்ளைகள் பெயர் வாசிக்கும்போதே புரிந்துகொள்வார்கள். எதிரணி அந்தச் செட்டில் சர்வீஸிலேயே பத்துப் பாயின்ட் எடுத்துவிடும். ஒவ்வொரு ஆறிலும் அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பார் என்று நம்பக்கூடிய ஒரு செட்டர், நம் ஊரில் லிஃப்டர் என்போமே அவர், அவரோடு முதல் பாஸை ஒழுங்காக எடுக்கும் இருவர் இருக்க வேண்டும். அந்த மூன்று பேர் இருந்தால் மற்ற மூவரும் ஆட்டத்தில் இருப்பார்கள். இல்லையென்றால் ஆறு பேரும் பந்து பொறுக்குவார்கள்.

4. முட்டிக்கொள்ளும்போது எது முதலில் என்று வரிசைப்படுத்துங்கள்

கற்றல், ஒழுங்கு, பாதுகாப்பு, வெற்றி என்று எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வைத்து எழுதினால் பயனில்லை. அவை ஒன்றோடொன்று மோதும்போதுதான் உங்களுக்கு அந்தத் தாள் தேவைப்படும். நான்குக்கு மேல் வைக்காதீர்கள். ஐந்தாவதை ஆட்டத்தின் நடுவில் நினைவில் வைத்திருக்க முடியாது. என் வரிசை: முதலில் உடம்பு, இரண்டாவது கற்றல், மூன்றாவது அணிக்குக் கொடுத்த வார்த்தை, நான்காவது வெற்றி.

முதலாவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "பாதுகாப்பு முக்கியம்" என்று எழுதி நிறுத்தினால், இறுதிப் போட்டி அன்று கால் பிசகிய பெண்ணிடமே "ஆடுறியா?" என்று கேட்கத் தோன்றும். அவள் கட்டாயம் "ஆடுறேன்" என்றுதான் சொல்வாள். ஆகவே யார் முடிவு செய்வது என்பதையும் எழுதுங்கள். எங்கள் வரி: "வீக்கமோ நொண்டலோ இருந்தால் அன்று ஆட்டம் இல்லை. தலையில் அடிபட்டு மயக்கமோ குமட்டலோ இருந்தாலும் அப்படியே, மருத்துவர் சொல்லும் வரை. இதில் பிள்ளையின் விருப்பத்தையும் ஸ்கோரையும் கேட்க மாட்டேன்."

மூன்றாவது வரி, அதாவது அணிக்குக் கொடுத்த வார்த்தை, எங்களுக்கு வருகைதான். அதற்கு எண் வேண்டும். மாதம் 16 பயிற்சி, குறைந்தது 12 வர வேண்டும். முந்தைய இரவு எட்டு மணிக்குள் சொன்னால் அந்த விடுப்பு கணக்கில் சேராது. தேர்வு வாரமும் சேராது. முதலில் "காரணம் சொல்ல வேண்டும்" என்று எழுதியிருந்தேன். மாதவிடாய் நாட்களில் என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு பேர் சொல்லாமலே நின்றுவிட்டார்கள் என்பதை ஒரு அக்கா மூலம் பிறகு தெரிந்துகொண்டேன். இப்போது "நாளைக்கு வரல" என்று ஒரு வரி வந்தால் போதும், காரணம் கேட்பதில்லை.

5. ஒரு பக்கமாகச் சுருக்குங்கள்

இப்போதுதான் எழுதும் வேலை. ஒரு மாலை போதும். ஏ4 தாளில் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. என் பக்கத்தின் முக்கியப் பகுதியை அப்படியே தருகிறேன், வடிவத்தைப் பார்ப்பதற்காக.

> நான் 11 முதல் 13 வயதுப் பெண்களுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கிறேன். 17 வயதிலும் இவர்கள் ஆடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே என் நோக்கம்.
>
> முடிவெடுக்கும் வரிசை: உடம்பு, கற்றல், அணிக்குக் கொடுத்த வார்த்தை, வெற்றி.
>
> மூன்று செட் ஆட்டத்தில் வந்த ஒவ்வொருவரும் முதல் இரண்டு செட்டில் ஒன்றை முழுதாக ஆடுவார். மூன்றாவது செட்டில், வருகை 12க்குக் குறையாதவர்களில் அன்று நன்றாக ஆடுபவர்கள் இறங்குவார்கள்.
>
> 14 வயது வரை யாருக்கும் நிலையான இடம் இல்லை. எல்லோரும் பாஸ், லிஃப்ட், அட்டாக் மூன்றும் பழகுவார்கள். இதனால் நிலையான செட்டர் வைத்து ஆடும் அணிகளிடம் இந்த வருடம் தோற்போம்.
>
> பணம் இல்லை என்பதற்காக யாரும் போட்டிக்கு வராமல் இருக்க மாட்டார்கள்.
>
> பள்ளி ஆட்டமும் நம் ஆட்டமும் ஒரே நாளில் வந்தால் பள்ளிக்குப் போகலாம், வருகையில் குறையாது.

இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வரியையும் படித்து, "இதற்கு நேர் எதிராக இன்னொரு நல்ல பயிற்சியாளர் எழுத முடியுமா?" என்று கேளுங்கள். நிலையான இடம் வேண்டாம் என்பதற்கு எதிராக, உயரமான பெண்ணை இப்போதிருந்தே நடு பிளாக்கராக வளர்க்கலாம் என்று ஒருவர் நியாயமாகச் சொல்ல முடியும். அப்படியானால் நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று பொருள். "நேர்மையாக இருப்பேன்" என்பதற்கு எதிராக யாரும் எழுத மாட்டார்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் இதே பக்கம் போதும். மேலே பெயர், படித்த பயிற்சிப் படிப்பு, எந்த வயதினருக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று மூன்று வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் பெரும்பாலும் "ஒரு உதாரணம் சொல்லுங்க" என்பார்கள், அதற்கு முடிவு நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். சேரும் இடம் வெற்றியை மட்டும் எதிர்பார்க்கிறதா என்பதும் அந்தப் பேச்சிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். சேர்ந்து மூன்று மாதம் கழித்துத் தெரிவதைவிட இது நல்லது.

6. பழைய ஆட்டம் ஒன்றை வைத்துச் சோதியுங்கள்

புதுப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, போன சீசனில் மனதை உறுத்திய ஓர் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முடிவையும் பக்கம் சொல்கிறபடி எடுத்தால் என்ன ஆகியிருக்கும்? நான் அந்த முதல் போட்டியை வைத்துப் பார்த்தேன். ஒரு பயணத்தில் 11 பேர் மட்டும் வந்தால் இரண்டாவது செட்டுக்கு ஆறு பேர் தேறாது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. "குறைந்தால் யார் இரண்டு செட் ஆடுவது என்பதை வருகை அதிகமுள்ளவரிடமிருந்து தொடங்குவேன்" என்று ஒரு வரி சேர்த்தேன்.

அப்புறம் மூன்று பேரிடம் காட்டுங்கள். இன்னொரு பயிற்சியாளர், ஒரு பெற்றோர், அணியில் மூத்த ஒரு பிள்ளை. "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "இதைப் படிச்சா, உங்க பொண்ணு ரெண்டு வாரம் வரலைன்னா நான் என்ன செய்வேன்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதும் நீங்கள் நினைத்ததும் வேறாக இருந்தால், திருத்த வேண்டியது உங்கள் வாக்கியத்தை.

7. பெற்றோரிடம் வாயால் சொல்லுங்கள்

அரைப் பக்கத்தில் நான்கு விஷயம் போதும்: ஆடும் செட், வருகை, காயம், பணம். எங்கள் போட்டிச் செலவு தலைக்கு சுமார் 150 ரூபாய் வரும். முடியாதவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும் என்று அதில் எழுதியிருக்கிறேன். ஞாயிறு மாலை பயிற்சி முடிந்ததும் மைதானத்திலேயே இருபது நிமிடம் உட்காரச் சொன்னேன். தாளைக் கொடுத்துவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள் என்று விடாமல் சத்தமாக வாசித்தேன். படிக்க வராத பெற்றோர் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், பிறகு தகராறு அங்கேதான் வரும்.

ஒரு அப்பா கேட்டார். "என் பொண்ணுதான் நல்லா ஆடுறா. அவளையும் ஒரு செட்டோட உட்கார வைப்பீங்களா?" ஆமாம் என்றேன். அதனால் தோற்போமா என்றார். சில நேரம் தோற்போம் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பெண்ணை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தாலும் அது ஜூலையில் நடந்திருக்கும், அரையிறுதி நாளில் அல்ல.

8. பயன்படுத்துவது: ஒரு அரையிறுதி

பக்கம் எழுதிய நான்காவது மாதம் பக்கத்து ஊரில் இரண்டு நாள் போட்டி. எங்கள் சிறந்த செட்டர் அந்த மாதம் 16க்கு 9 நாள்தான் வந்திருந்தாள். எந்த நாளும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பக்கத்தின் வரிசைப்படி போனால் முடிவு இப்படி வரும். கற்றல் வருகைக்கு மேலே இருப்பதால் அவளுக்கும் ஒரு முழு செட் உண்டு. தண்டனையாக வெளியே உட்கார வைக்க முடியாது. வருகை வெற்றிக்கு மேலே இருப்பதால் மூன்றாவது செட்டில் அவள் கிடையாது, எவ்வளவு தேவைப்பட்டாலும். அரையிறுதியில் முதல் செட் தோற்றோம். இரண்டாவதில் அவள் ஆடினாள், ஜெயித்தோம். மூன்றாவது செட்டுக்குப் பெயர்களை எழுதும்போது அவள் என் எதிரேதான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தாளில் அவள் பெயரை எழுதவில்லை. 11க்கு 15 என்று தோற்றோம். அவளுக்குப் பதில் லிஃப்ட் செய்த பெண்ணின் கையிலிருந்து நான்கு பந்துகள் வலைக்கு அந்தப் பக்கம் போயின.

அன்று மாலை பஸ்ஸில் யாரும் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. வருகைத் தாள் எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் அவள் அடுத்த ஒரு வாரம் வரவே இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அம்மா மில்லில் மாலை ஷிஃப்டுக்கு மாறி ஒரு மாதமாகிறது. நான்கு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அவள்தான் வீட்டில் இருந்திருக்கிறாள். முந்தைய இரவு சொல்ல வீட்டில் போன் இல்லை, அம்மாவோடு மில்லுக்குப் போய்விடும்.

முடிவு தவறா என்று நோட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். என் கையில் இருந்த தகவலுக்கு முடிவு சரிதான். மூன்று நாள் வராதபோதே விசாரிக்காததுதான் என் தவறு. விதி எனக்கு வேலையை எளிதாக்கியது, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடவும் இடம் கொடுத்தது. அதனால் இப்போது வருகை வரியின் கீழே இன்னொரு வரி இருக்கிறது: "தொடர்ந்து இரண்டு நாள் சொல்லாமல் வராவிட்டால் மூன்றாம் நாள் நான் வீட்டில் விசாரிப்பேன். விசாரிக்காமல் வருகைக் கணக்கை வைத்து யாரையும் உட்கார வைக்க மாட்டேன்."

9. முடிவு நோட்டு, திருத்தும் காலம்

ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் ஒரு பத்தி எழுதுங்கள்: என்ன சூழ்நிலை, எந்த வரியை வைத்து முடிவெடுத்தேன், என்ன நடந்தது. எந்த வரியும் கைகொடுக்காத முடிவு இருந்தால் பக்க ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். இரண்டு சீசன் நோட்டைப் பார்த்தால், ஒருபோதும் பயன்படாத வரிகளும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் கோடுகளும் தெரியும். முதல் வகையை வெட்டுங்கள், இரண்டாவதற்கு ஒரு வரி எழுதுங்கள்.

சீசன் நடுவில் வரிசையையும் ஆடும் நேர விதியையும் மாற்றாதீர்கள், எவ்வளவு தோன்றினாலும். ஒரு பிள்ளைக்குக் கெடுதல் நடக்கிறது என்றால் மட்டும், மேலே சொன்ன வருகை வரி மாதிரி, உடனே திருத்தி எல்லாப் பெற்றோருக்கும் சொல்லிவிடுங்கள். மற்றவை ஏப்ரல் வரை காத்திருக்கலாம். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் விடுமுறையில் இருக்கும் காலம்தான் இதற்கு நல்ல நேரம்.

அந்த செட்டர் மறுபடி வருகிறாள். தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். பந்துப் பை மேல் உட்கார்ந்து, மைதானத்துக்கு வெளியே போகும் பந்துகளை எடுத்துத் தருவது அவன் வேலை. போன மாதம் அவள் வருகை 14.